ஹீட் பைப்பும் செப்புத் தண்டும்: ஒரே அளவில் எத்தனை மடங்கு வித்தியாசம்?

ஆனந்தி: 6 மி.மீ. விட்டமும் 200 மி.மீ. நீளமும் உள்ள ஹீட் பைப், அதே அளவுள்ள செப்புத் தண்டைவிட நூறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்று படித்தேன். நான் அளந்து பார்த்ததில் பத்து மடங்குதான் கிடைத்தது. எது சரி?

துரைராஜ்: உங்கள் அளவீட்டையே நம்புங்கள். குழாயின் உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். மீதி ஈரமான ஒரு திரி. தண்ணீரோ வெப்பத்தை மிக மோசமாகக் கடத்துவது. நூறு மடங்கு என்பது விற்பவர்கள் சொல்லும் கணக்கு. நீளம் குறைவாக இருந்தால் கெட்டிச் செம்பே மேல் என்பது என் கருத்து.

கயல்விழி: துரைராஜ் ஐயா, அந்தக் குழாயில் வெப்பம் தண்ணீரின் வழியாகக் கடந்து போவதில்லை, சூடான முனையில் நீர் ஆவியாகும்போது உள்வாங்கிய வெப்பத்தை, அந்த ஆவியே மறுமுனைக்குச் சுமந்து சென்று அங்கே குளிர்ந்து நீராகி விட்டுவிடுகிறது, திரி அந்த நீரைத் திரும்ப இழுத்து வருகிறது. ஆகவே நீளத்தால் வரும் இழப்பு சொற்பம். இரு முனைகளிலும் சுவரையும் திரியையும் குறுக்காகக் கடப்பதில்தான் இழப்பு முழுவதும் இருக்கிறது. தண்டின் கணக்கு எளிது: இரு முனைகளிலும் 40 மி.மீ. பிடிக்குள் இருந்தால், பிடிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 160 மி.மீ. ஆகிறது, அதற்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 14 டிகிரி வித்தியாசம் தேவை. ஆனந்தி, உங்கள் வெப்பநிலை உணரிகள் எங்கே இருந்தன என்று சொல்ல முடியுமா?

ஆனந்தி: இரு முனைகளையும் அலுமினியக் கட்டைகளில் துளையிட்டுச் செருகியிருந்தேன், பசை எதுவும் தடவவில்லை. உணரிகள் கட்டைகளில் இருந்தன. 10 வாட் கொடுத்தபோது சூடான கட்டை 58, குளிர்ந்த கட்டை 44. நீங்கள் கேட்டதால் இப்போது குழாயின் மேலேயே, கட்டைகளின் விளிம்பை ஒட்டி இரண்டு உணரிகளைக் கட்டிப் பார்த்தேன்: 52.6, 51.2.

கயல்விழி: விடை அதிலேயே இருக்கிறது. குழாயின் பங்கு 1.4 டிகிரி மட்டும்; அதாவது ஒரு வாட்டுக்கு 0.14, தண்டோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ நூறு மடங்கு. மீதி 12.6 டிகிரியும் பசையில்லாத பொருத்தில் போயிருக்கிறது. துளைக்கும் குழாய்க்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு காற்று நின்றாலே அந்த அளவு இழப்பு வந்துவிடும். ஒரு திருத்தம்: உணரி விளிம்பில் இருப்பதால், கட்டைக்குள் இருக்கும் சுவர் வெப்பநிலையோடு இது சற்று மாறுபடலாம். நூறு என்பதும் இந்த நீளத்துக்கே பொருந்தும், 400 மி.மீ. ஆக்கினால் தண்டின் தடை இரு மடங்குக்கு மேலாகும், குழாயின் தடை பெரிதாக மாறாது, மடங்கு 200-ஐத் தாண்டும்.

துரைராஜ்: பொருத்து பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் 30 மி.மீ. குழாயில் என்ன ஆகும்?

கயல்விழி: அதில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. பிடிகள் 10 மி.மீ. ஆகச் சுருங்கினால் குழாயின் தடை நான்கு மடங்காகி, வித்தியாசம் ஏறத்தாழ மூன்று மடங்குக்கு இறங்கும். இருந்தாலும் தண்டு முந்தாது. பொருத்தின் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் மங்கிவிடும்.

செல்வம்: நானும் ஒரு குழாய் பொருத்தினேன், சூடான முனை மேலே இருந்தது. 20 வாட் வரை சீராக இருந்தது. 30-க்கு ஏற்றியதும் மேல் முனை நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. கீழ் முனை குளிர்ந்தே இருந்தது. குழாய் பழுதென்று தூக்கி எறிந்துவிட்டேன். செப்புத் தண்டாக இருந்தால் இப்படி ஆகாது அல்லவா?

கயல்விழி: அந்தக் குழாய் பெரும்பாலும் பழுதாகியிருக்காது, செல்வம். 6 மி.மீ. குழாய் கிடைநிலையில் 40 வாட் அளவில் தாங்கும். நீரை மேல்நோக்கி இழுக்க வேண்டியிருந்தால் அந்த எல்லை குறையும். எல்லை தாண்டினால் சூடான முனையில் திரி வறண்டுவிடும். அப்போது வெப்பம் போக மெல்லிய சுவரும் வறண்ட திரியும்தான் மிஞ்சும்; சுவர் 0.3 மி.மீ. என்றால் அது கெட்டித் தண்டின் கால் பங்கு அளவுகூட எளிதாகக் கடத்தாது. உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: ஆம், அந்த நிலையில் தண்டு மேல். அடுத்த முறை வாட்டை ஐந்தைந்தாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் வெப்பநிலை ஓரிடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் வறட்சி தொடங்கிவிட்டது. வாட்டைக் குறைத்துக் கிடையாகப் படுக்க வைத்தால் மீண்டு வரும்.

துரைராஜ்: அப்படியானால் கணினி மாதிரியில் குழாய்க்கு என்ன கடத்துதிறன் எண்ணைக் கொடுப்பது? செம்பின் எண்ணை நூறால் பெருக்கிப் போட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

கயல்விழி: நான் அப்படிச் செய்ய மாட்டேன். முனைக்கொரு தடை வைத்து, நடுப்பகுதிக்கு மிகப் பெரிய எண்ணைக் கொடுப்பேன். நீளம் மாறினாலும் அது பொய்யாகாது.

துரைராஜ்: நீளம் மாறாத வடிவமைப்புக்கு ஒரே எண் போதும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். வறட்சி எல்லையை உங்கள் இரண்டு தடைகளும் காட்டாதே.

ஆனந்தி: பசை தடவி மறுபடி அளக்கிறேன், இந்த முறை 30 வாட் வரை ஏற்றிப் பார்த்து, எண்களை இங்கே இடுகிறேன்.