இரட்டை இழையில் ஸ்வெட்டர்: ஊசியை மாற்றலாமா, கண்ணிகளைக் கூட்டலாமா?

பின்னல் தெரிந்தவர்களிடம் ஒரு சந்தேகம். கையில் இருப்பது 100 கிராமுக்கு 400 மீட்டர் வரும் மெல்லிய மெரினோ நூல். பேட்டர்ன் கேட்பது 10 செ.மீ.க்கு 20 கண்ணி. அதனால் இரண்டு இழைகளைச் சேர்த்துப் பின்னுகிறேன்.

ஒற்றை இழையில் 28 கண்ணி வந்தது. இழையை இரட்டித்தால் கண்ணி பாதியாகாது, தடிமன் சுமார் 1.4 மடங்குதான் கூடும் என்பதால் 20ஐ எதிர்பார்த்தேன். மாதிரித் துண்டைத் துவைத்து உலர்த்தி அளந்தால், 4 மி.மீ. ஊசியில் 22 கண்ணி. துணி நல்ல கெட்டி. 4.5 மி.மீ. ஊசியில் சரியாக 20 வருகிறது, ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரிகிறது, இழுத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. முழங்கை தொங்கிவிடும் என்று தோன்றுகிறது.

எனக்குப் பிடித்தது 4 மி.மீ. துணிதான். ஆனால் 100 செ.மீ. மார்புக்கான 200 கண்ணியை அப்படியே போட்டால் 91 செ.மீ.தான் வரும். 220 கண்ணி வரும் பெரிய அளவைப் பின்னலாமா? மேலிருந்து பின்னும் ராக்லான் இது. வரிசைகளும் நெருங்கியிருப்பதால் தோள் ஆழம் மாறும். அதை எப்படிச் சரிசெய்வீர்கள்?

இன்னொன்று: ஆங்காங்கே ஓர் இழை மட்டும் சிறு வளையமாகப் பிதுங்குகிறது. ஒரே உருண்டையின் உள்முனையையும் வெளிமுனையையும் சேர்த்து எடுக்கிறேன். இரண்டின் இழுவிசையும் ஒன்றாக இல்லை. தனித்தனி உருண்டைகளாகச் சுற்றினால் இது நிற்குமா?