புதுப்பிப்பு: ஜெர்மனில் ‘ஹட்டே’யா, ‘ஹெட்டே’யா?

“‘இப்போது எனக்கு நேரம் இருந்தால் வருவேனே’ என்பதற்கு ‘ஹட்டே’ என்று எழுதினேன், ஏன் அடித்துவிட்டார்கள்?”

முன்பு நான் கேட்ட இக்கேள்விக்கு, ரோஸ் ஹில்லில் ஜெர்மன் கற்பிக்கும் அக்கா ஒருவர் காரணம் சொன்னார். மொரீஷியசில் நாம் பிரெஞ்சில் ‘இருந்தால்’ என்று பொருள்படும் ‘சி’யில் தொடங்கும் பகுதியில் இறந்தகால வடிவத்தையும் மறுபகுதியில் மட்டும் நிபந்தனை வடிவத்தையும் வைத்துப் பழகியிருப்பதால், ஜெர்மனிலும் அப்படியே எழுதிவிடுகிறோம்; அங்கோ நடவாத விருப்பத்தின் இரு பகுதிகளுமே ‘ஹெட்டே’, பிற வினைகளுக்குத் துணையாக வரும் ‘வ்யுர்டே’ போன்ற வடிவங்களை ஏற்க வேண்டும். ‘ஹட்டே’ வெறும் இறந்தகாலம்; எழுதும்போது அதன் a எழுத்தின் மேல் இரு புள்ளிகள் வைத்தால்தான் ‘ஹெட்டே’ ஆகும்.

“எல்லாவற்றுக்கும் ‘வ்யுர்டே’ போதும், அண்ணா” என்ற தம்பியின் யோசனை பெரும்பாலான வினைகளுக்குப் பொருந்தும். ஆனால் ‘கொண்டிருத்தல்’ என்னும் ‘ஹாபென்’, ‘இருத்தல்’ என்னும் ‘ஸைன்’ இரண்டுக்கும் பயிற்சிகளில் தனி வடிவத்தையே எதிர்பார்க்கிறார்கள். பேச்சில் இவற்றுக்கும் ‘வ்யுர்டே’ எவ்வளவு செல்லும் என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் இன்னும் உடன்பாடு இல்லை.

இன்னொருவர் தமது விண்ணப்பக் கடிதத்தைப் பற்றிக் கேட்டார். அங்கும் இதே புள்ளிகள்தாம்: ‘முடியுமா?’ என்று பணிவாகக் கேட்கும் சொல்லில் மேலுள்ள இரு புள்ளிகளை விட்டால், அது ‘உங்களால் முடிந்ததா?’ என்று மாறிவிடும்.