லேப்டாப் ஸ்டாண்ட் வாங்கினேன், கழுத்து வலி போச்சு, இப்போ தோள் வலிக்குது. எதை மாற்றுவது?

கண்டனூர் மருமகள்
வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். லேப்டாப்பைக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதால் மடக்கு ஸ்டாண்டும் தனி கீபோர்டு, மவுஸும் வாங்கினேன். கழுத்து நன்றாகவே இருக்கிறது. ஆனால் மதியத்துக்கு மேல் இரண்டு தோளும் மேல்பக்கம் கல்லாகிவிடுகின்றன, வலது தோள் கொஞ்சம் அதிகம். விரல் மரத்துப்போவதெல்லாம் இல்லை. மேசை ஐயா காலத்துப் பர்மா தேக்கு, நாற்காலியும் மர நாற்காலிதான். ஸ்டாண்ட் உயரம் போதவில்லையா?

புதுவயல் தம்பி
மவுஸ்தான் காரணம் அக்கா. நம்பர் பட்டன் உள்ள பெரிய கீபோர்டு வைத்திருப்பீர்கள், மவுஸ் அதைத் தாண்டி வெளியே போயிருக்கும். கையை நீட்டிக்கொண்டே வேலை செய்தால் தோள் வலிக்காமல் என்ன செய்யும்? சின்ன கீபோர்டு வாங்குங்கள், சரியாகிவிடும்.

காரைக்குடி பிசியோ
தம்பி சொல்வது வலது தோளுக்குப் பொருந்தும். இடது தோளும் வலிக்கிறதே, அதற்கு மவுஸ் காரணமாக இருக்க முடியாது. எனக்கு மேசை மேல்தான் சந்தேகம். பழைய தேக்கு மேசைகள் பல உயரமானவை. ஒரு டேப் எடுத்து மூன்று அளவு சொல்லுங்கள்: தரையிலிருந்து மேசைப் பலகை, நாற்காலிப் பலகை, அப்புறம் தோளைத் தளர விட்டு உட்கார்ந்து முழங்கையை மடக்கினால் முழங்கை இருக்கும் உயரம்.

கண்டனூர் மருமகள்
மேசை 80 செ.மீ., நாற்காலி 45, முழங்கை 68. அளந்தது வீட்டுக்காரர்.

காரைக்குடி பிசியோ
பாருங்கள், கீபோர்டு முழங்கையைவிட 12 செ.மீ. மேலே இருக்கிறது. கீபோர்டின் தடிமனையும் சேர்த்தால் இன்னும் அதிகம். கையை அங்கே கொண்டுபோக நாள் முழுக்கத் தோளைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். ஸ்டாண்ட் திரையைத்தான் உயர்த்தும், கைக்கு அது எதுவும் செய்யாது.

மேசையைத் தாழ்த்த வழியில்லை என்றால் உங்களை உயர்த்த வேண்டும். 10 செ.மீ. ஏற்றுங்கள். ஸ்பாஞ்சு மெத்தை வேண்டாம், உட்கார்ந்ததும் பாதியாக அமுங்கிவிடும். ஜமுக்காளத்தை இறுக்கமாக மடித்துப் போட்டு, உட்கார்ந்த பிறகு முழங்கையை மறுபடி அளந்து பாருங்கள். கீபோர்டின் பின்கால்களை மடக்கிவிடுங்கள். உயர்ந்தால் கால் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் நாற்காலி விளிம்பில் அழுந்தும். அதனால் காலடியிலும் அதே 10 செ.மீ.க்குப் பலகை வேண்டும். ஆத்தங்குடிக் கல் தரையென்றால் பலகை வழுக்கும், அடியில் ரப்பர் பாய் போடுங்கள்.

முக்கியமான விஷயம்: நீங்கள் உயர்ந்தால் கண்ணும் உயரும். ஸ்டாண்டையும் அதே அளவு ஏற்றாவிட்டால் பழைய கழுத்து வலி திரும்பி வரும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருந்தால் போதும்.

தேவகோட்டை வாத்தியார்
எனக்கு நேர்மாறு. ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் பின்கழுத்து வலியே வந்தது. பேரன் சொன்னபடி மேல்விளிம்பு கண் மட்டத்தில்தான் இருக்கிறது. இன்னும் ஏற்ற வேண்டுமா?

காரைக்குடி பிசியோ
ஐயா, கோடு தெரியாத மூக்குக்கண்ணாடியா போடுகிறீர்கள், தூரத்துக்கும் படிக்கவும் ஒரே கண்ணாடி?

தேவகோட்டை வாத்தியார்
ஆமாம், அதேதான்.

காரைக்குடி பிசியோ
அப்படியென்றால் இறக்குங்கள். அந்தக் கண்ணாடியில் கிட்டப் பார்வைக்கான பகுதி கீழே இருக்கிறது. திரை மேலே போனால் அந்தப் பகுதி வழியாகப் பார்க்க நாடியைத் தூக்குவீர்கள், பின்கழுத்து மடங்கும். நாடியைத் தூக்காமலே எழுத்து தெளிவாகத் தெரியும் வரை திரையைத் தாழ்த்துங்கள். கணினி தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி செய்துகொள்ளலாமா என்று கண் பரிசோதிப்பவரிடம் கேளுங்கள்.

கல்லல் அண்ணன்
மருமகளே, மேசை டிராயரை இழுத்து அதற்குள்ளேயே கீபோர்டை வைத்தால் என்ன? தாழ்ந்துவிடுமே.

காரைக்குடி பிசியோ
டிராயரின் முன்பலகை மணிக்கட்டில் இடிக்கும் அண்ணே. முன்பலகை இல்லாத தட்டு ஒன்றை ஆசாரியிடம் சொல்லி மேசைக்கு அடியில் போடலாம், ஆனால் தொடை இடிக்காமல் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கண்டனூர் மருமகள்
நான்கு மடிப்பு ஜமுக்காளம், காலுக்குச் செங்கல் மேல் பலகை, ஸ்டாண்டுக்கு அடியில் பழைய பேரேடுகள். தோளின் இறுக்கம் நன்றாகவே குறைந்துவிட்டது, இடது பக்கம் சுத்தமாக இல்லை. ஸ்டாண்ட் கொஞ்சம் ஆடுகிறது, லேப்டாப்பில் தட்டுவதில்லை என்பதால் தொல்லை இல்லை. வலது தோள் மட்டும் இன்னும் லேசாக இருக்கிறது. தம்பி, எனக்கு நம்பர் பட்டன் இல்லாமல் முடியாது, நாள் முழுக்கத் தொகைதான் அடிக்கிறேன். மவுஸை இடது கைக்கு மாற்றிப் பார்க்கட்டுமா, இல்லை நம்பர் பட்டன் மட்டும் தனியாக வருகிறதே, அதை வாங்கி இடது பக்கம் வைக்கலாமா? யாராவது அப்படிப் பழகியிருக்கிறீர்களா?

புதுவயல் தம்பி
தனி நம்பர் பேடு நானும் பார்த்திருக்கிறேன் அக்கா, பயன்படுத்தியதில்லை. இடது கை மவுஸ் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை.