கப்பிங்ல மூணாவது காப்பிக்கு மட்டும் ஆஃப்டர்டேஸ்ட் மார்க் எப்பவும் கொறையுது, ஏன்?

அம்பை_வறுகடை:
வணக்கம். அம்பாசமுத்திரத்துல சின்னதா காப்பிக்கொட்ட வறுத்து விக்கேன். மூட்டை எடுக்கதுக்கு முன்ன மூணு காப்பிய வரிசையா வச்சு கப்பிங் பண்ணிப் பாத்துதான் முடிவு பண்ணுதேன். இடமிருந்து தாண்டிக்குடி அராபிகா, நடுவுல குடகு ரோபஸ்டா, கடைசில ஏற்காடு அராபிகா. மூணும் முந்தின நாள் ஒரே பக்குவத்துல வறுத்தது. 200 மில்லி டம்ளருக்கு 11 கிராம், தண்ணி 93 டிகிரி, 4 நிமிஷம் கழிச்சு மேல கட்டி நிக்க தூள கரண்டியால மூணு தரம் தள்ளி உடைச்சு மோந்து பாத்து, நுரைய வழிச்சிட்டு, 10 நிமிஷத்துல உறிஞ்ச ஆரம்பிச்சிருவேன். ஏற்காட்ட தனியா போட்டா அருமையா இருக்கு, வரிசையில வச்சா மட்டும் தொண்டையில ஒரு வறட்டுக் கசப்பு நிக்கி, ஆஃப்டர்டேஸ்ட் 6.5 தாண்ட மாட்டேங்கு. இன்னொண்ணு, இனிப்புல மூணுக்கும் முழுசா 10 விழுது, அப்ப எதுக்கு மார்க் போடணும்னே புரியல.

தென்காசி_ஃபில்டர்:
தண்ணிதான் அண்ணாச்சி. போர் தண்ணி உப்பு எல்லாத்தையும் கெடுத்துரும், ஆர்ஓ தண்ணிக்கு மாறுங்க, கசப்பு போயிரும்.

சுத்தமல்லி_அம்மா:
எங்க வீட்லயும் காப்பி கடைசில கசக்கு. நான் 100க்கு 30 சிக்கரி போடுதேன், கூடுதலோ? பால் கள்ளிச்சொட்டாதான் இருக்கு.

பாளை_கரண்டி:
அம்மா, இது பால் சிக்கரி எதுவும் இல்லாம வெறும் தூள்ல வெந்நி ஊத்தி ருசி பாக்குற சமாச்சாரம். உங்களுக்கு 30 கூடுதல்தான், 20க்கு இறக்கிப் பாருங்க.

தம்பி, தண்ணி முக்கியம்தான், ஆனா மூணு டம்ளருக்கும் ஒரே தண்ணிதானே ஊத்துதீங்க, அது எப்படி மூணாவத மட்டும் கெடுக்கும்? சுத்த ஆர்ஓவுக்கும் போகாதீங்க, உப்புச்சத்தே இல்லாம ருசி தட்டையாயிரும். டிடிஎஸ் மீட்டர்ல 125லருந்து 175க்குள்ள நின்னா போதும்.

எனக்கு நடுவுல உக்காந்திருக்க ரோபஸ்டா மேலதான் சந்தேகம். அது ரெண்டு வழியா மூணாவதுக்குள்ள போகும். ஒண்ணு அரைக்குற மெஷின், பல்லுல ஒட்டியிருக்க ரோபஸ்டாத் தூள் அடுத்து அரைக்க ஏற்காட்டோட சேந்து விழுந்துரும். இன்னொண்ணு உங்க நாக்கும் கரண்டியும். எதுன்னு கண்டுபிடிக்கது சுலபம், தண்ணி ஊத்தறதுக்கு முன்ன காஞ்ச தூள மோந்து பாருங்க. அப்பவே வறுத்த பார்லி மாதிரி வாடை அடிச்சா மெஷின், தூள் மணம் சுத்தமா இருந்து வாயில போட்டப்புறம் கசந்தா நாக்கு.

நாளைக்கு ஏற்காட்டையே முதல்லயும் கடைசிலயும் வைங்க, நடுவுல ரோபஸ்டா. டம்ளருக்கு அடியில பேர் ஒட்டிட்டு வீட்ல யாரையாவது இடம் மாத்தி வைக்கச் சொல்லுங்க, எது எதுன்னு உங்களுக்குத் தெரியப்படாது.

இனிப்பு 10 விழறதுக்கு காரணம் படிவம். காப்பிக்காரங்க சங்கமான எஸ்சிஏவோட பழைய மார்க் படிவத்துல ஒரு காப்பிக்கு அஞ்சு கப், குறையில்லாத கப்புக்கு 2 மார்க், அவ்வளவுதான். எது கூட இனிப்புன்னு அது சொல்லாது. அவங்களோட புது சிவிஏ படிவத்துல இனிப்புக்கும் மத்ததப் போல 1லருந்து 9க்குள்ள மார்க் உண்டு, அதுக்கு மாறுங்க. சூடா இருக்கையில இனிப்பப் பாக்காதீங்க, டம்ளர் கைக்கு வெதுவெதுன்னு ஆன பொறவு திரும்பக் குடிங்க, அப்பதான் வித்தியாசம் தெரியும்.

அம்பை_வறுகடை:
அக்கா, பண்ணிப் பாத்துட்டேன். அரைச்ச வரிசை ஏற்காடு, ரோபஸ்டா, திரும்ப ஏற்காடு. ரோபஸ்டாவுக்கு அப்புறம் அரைச்ச ஏற்காட்டுத் தூள்லயே அந்த பார்லி வாடை லேசா இருந்திச்சு. ஒரே கொட்டைதான், முதல்ல அரைச்சதுக்கு 7.5, அடுத்ததுக்கு 6.5. பொறவு அடுத்த காப்பி கொட்டையவே 5 கிராம் அரைச்சு கீழ கொட்டிட்டு அரைச்சேன், வாடை போயிருச்சு, மார்க் 7.25க்கு வந்துச்சு. ஆனா 7.5 வரல. ஆறுன பொறவு தாண்டிக்குடில வெல்லப்பாகு மாதிரி ஒரு இனிப்பு தெரிஞ்சது, இதுக்கு முன்ன கவனிச்சதே இல்ல.

பாளை_கரண்டி:
அந்த கால் மார்க்கு நாக்கா இருக்கலாம். ரோபஸ்டாவ கடைசிலயே குடிங்க, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கரண்டிய வெந்நில கழுவி, வெதுவெதுப்பான தண்ணி ஒரு வாய் குடிங்க. ஒரு வாய் முழுங்கி, 15 எண்ற வரைக்கும் அடுத்த டம்ளரத் தொடாதீங்க, ஆஃப்டர்டேஸ்ட் அதுக்குள்ளதான் மாறும். எல்லாத்தையும் துப்பிட்டா தொண்டையில நிக்கது தெரியாது.

குற்றாலம்_எஸ்டேட்:
ஒரு விஷயம், ரோபஸ்டாவுக்கு படிவமே தனி, அதுல கசப்பையும் இனிப்பையும் சேத்து ஒரே மார்க்கு. அராபிகாகூட ஒரே தாள்ல வச்சு ஒப்பிட்டா ரோபஸ்டாவுக்குத்தான் அநியாயம். எனக்கு கால் மார்க் வித்தியாசத்த நாக்குன்னு சொல்லவும் தயக்கம், ஒரு டம்ளர்ல ஒரு கெட்ட கொட்ட விழுந்தாலே அவ்வளவு மாறும்.

பாளை_கரண்டி:
அதுவும் சரிதான். அதுக்குத்தான் அஞ்சு கப், டம்ளருக்கு டம்ளர் தனியா நிறுத்து அரைக்கணும். தம்பி ஒண்ணொண்ணாத்தான் வச்சிருக்காரு.

அம்பை_வறுகடை:
அஞ்சு வச்சா சாம்பிள் ஒரு தடவைக்குத்தான் வரும், திரும்பப் பாக்கப் பத்தாது, 100 கிராம்தான் தாறாங்க. காப்பிக்கு மூணு டம்ளர் வச்சா செல்லுமா?