லண்டன் டிஸ்ட்ரிக்ட் லைன் சுரங்க ரயிலில் கர்ப்பிணிக்கு இருக்கை கேட்பது எப்படி?

கேள்வி, ஈஸ்ட் ஹாமிலிருந்து:
திருச்சியிலிருந்து வந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. என் மனைவிக்கு இது நான்காம் மாதம்; வயிறு இன்னும் வெளியே தெரியவில்லை. காலை எட்டு மணிக்கு மேல் மூர்கேட் அலுவலகத்துக்குச் செல்லும்போது, ஏறக்குறைய வழி முழுவதும் நின்றே பயணம் செய்கிறார். கதவருகே உள்ள முன்னுரிமை இருக்கைகளில் இளவயதினர் கைபேசியைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் இடம் கேட்கலாமா? நெரிசலில் நிற்கும் முறை பற்றியும் பெரியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இல்ஃபோர்டிலிருந்து:
தயங்காமல் கேளுங்கள், தம்பி. தேவையில்லாதவர் அந்த இருக்கையில் அமர்வதே குற்றம். ஊழியரிடம் சொன்னால் அபராதம் விதிப்பார்கள். 'பேபி ஆன் போர்டு' பேட்ஜ் ஒன்றை வாங்கிக் குத்திக்கொண்டால் எல்லோரும் எழுந்து விடுவார்கள்.

ஹவுன்ஸ்லோவிலிருந்து:
நிற்கும் முறை எளியது: எப்போதும் வலப்புறம் நிற்க வேண்டும், இடப்புறத்தை நடப்பவர்களுக்கு விட வேண்டும்.

டூட்டிங்கிலிருந்து:
ஹவுன்ஸ்லோ நண்பர் சொல்வது மின்படிக்கட்டுக்கு உரிய வழக்கம். தம்பி கேட்டது பெட்டிக்குள் நிற்பதைப் பற்றி. இல்ஃபோர்ட் ஐயா பேட்ஜ் வாங்கச் சொன்னது சரி, அது இலவசம். ஆனால் முன்னுரிமை இருக்கையில் யார் வேண்டுமானாலும் அமரலாம். தேவையுள்ளவர் வந்தால் எழுந்து இடம் தர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. எழாதவருக்கு அபராதம் இல்லை. ஆகவே சண்டைக்குப் போகிற தொனியில் கேட்டால் காரியம் கெடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ரயில்களில் போய்வருகிறேன். பேட்ஜ் குத்தியவர்கள் நின்றபடி போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் பேட்ஜ் இருக்கும் இடம். கோட்டின் கழுத்துப்பட்டியில் குத்தினால் குளிர்காலத்தில் சால்வை மூடிவிடும். மூடாவிட்டாலும், அமர்ந்திருப்பவரின் கண் நிற்பவரின் இடுப்பு மட்டத்தில்தான் இருக்கிறது. முன்பக்கம் தொங்கும் கைப்பையின் வாரில், இடுப்புக்குச் சற்று மேலே குத்தச் சொல்லுங்கள். கதவருகே ஒதுங்கி நிற்காமல், இருக்கைக்கு நேர் எதிரே போய் நிற்க வேண்டும். அப்போதும் தலை நிமிராவிட்டால், ஒருவரை மட்டும் பார்த்து, "எக்ஸ்கியூஸ் மீ, குட் ஐ ஹாவ் யுவர் சீட், ப்ளீஸ்?" என்று கேட்டால் போதும். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கேட்டால், மற்றவர் எழுவார் என்று ஒவ்வொருவரும் காத்திருப்பார்கள்.

இன்னொன்று: மூர்கேட்டுக்கு டிஸ்ட்ரிக்ட் லைன் போகாது, வழியில் இறங்கி மாற வேண்டும். அதே நடைமேடைக்கு வரும் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி, அதாவது வரைபடத்தில் இளஞ்சிவப்புக் கோடு, நேரே மூர்கேட் போகிறது. அது உங்களுக்கு முந்தைய நிலையமான பார்க்கிங்கிலேயே புறப்படுவதால் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ரயில்களுக்கு இடையே காத்திருப்பு மட்டும் சற்றுக் கூடுதல்.

நிற்பவர்கள் முதுகுப்பையைக் கழற்றிக் கால்களுக்கிடையே வைக்க வேண்டும், கம்பியில் முதுகைச் சாய்க்கக் கூடாது. கதவருகே நிற்க நேர்ந்தால், நிலையம் வந்ததும் நடைமேடையில் இறங்கி ஓரமாக நின்று, இறங்குவோருக்கு வழிவிட்டு மீண்டும் ஏறுங்கள். புதிதாக வந்தவர்கள் இடம் பறிபோகும் என்று அஞ்சி உள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் பிறரை எரிச்சலூட்டுகிறது.

ஹாரோவிலிருந்து:
நான் கர்ப்பிணி அல்லள். எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. பார்த்தால் தெரியாது என்பதால், எழுந்திரு என்று ஒரு முறை ஒருவர் என்னையே அதட்டினார். இப்போது 2017இல் அறிமுகமான 'ப்ளீஸ் ஆஃபர் மீ எ சீட்' என்ற நீலப் பேட்ஜை அணிகிறேன். இணையத்தில் விண்ணப்பித்தால் இலவசமாகத் தபாலில் வரும். மருத்துவர் கடிதம் கேட்பதில்லை. முன்னுரிமை இருக்கையில் இருக்கும் இளைஞர்கள் எல்லோரும் நலமாக இருப்பதாக எண்ணிவிடாதீர்கள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து மீண்டும்:
மிக்க நன்றி. செவ்வாயன்று இளஞ்சிவப்பு ரயிலில் ஏறினோம். பிளெய்ஸ்டோவுக்குள் இடம் கிடைத்தது. ஆனால் எழுந்தவர் நரைத்த தலையுடைய ஒரு முதியவர். மனைவி அமர மறுத்துவிட்டார். அவரும் மீண்டும் அமரவில்லை. மைல் எண்ட் வரை அந்த இருக்கை காலியாகவே கிடந்தது.

டூட்டிங்கிலிருந்து:
அமர்ந்து நன்றி சொல்லியிருக்கலாம். தருகிறவருக்கு மறுப்பு சங்கடம்.

ஹாரோவிலிருந்து:
எனக்கு அப்படித் தோன்றவில்லை, அண்ணா. அந்த வயதில் ஒருவர் நிற்க, நான் எப்படி அமர்வேன்? அருகில் இருந்த இளைஞரிடம் கேட்டிருப்பேன்.