பேட்ச்ரைட்டிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

இளங்கலை மாணவர்களுக்கு ஆய்வுக்கட்டுரை எழுதக் கற்றுத்தருகிறேன். அவர்களிடம் நான் அதிகம் திருத்தும் பிழை, மூலத்தின் வாக்கிய அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றுவது. ஆங்கிலத்தில் 'பேட்ச்ரைட்டிங்' எனப்படும் இதற்குத் தமிழில் பெயர் இல்லை. பாடநூலில் உள்ளது:

"கடல்நீரைவிட நிலம் விரைவில் சூடாவதால், பகலில் நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்காற்று வீசுகிறது."

மாணவி எழுதியது:

"சமுத்திர நீரைக் காட்டிலும் தரை சீக்கிரம் வெப்பமடைவதால், பகற்பொழுதில் தரைக்கு மேலிருக்கும் காற்று உயர, அந்த இடத்தை நிறைக்கச் சமுத்திரத்திலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது."

அடிக்குறிப்பில் நூலின் பெயரும் உண்டு. ஆனாலும் இது அவள் நடை அல்ல. 'ஆல்' இருந்த இடத்தில் 'ஆல்', 'எழ' இருந்த இடத்தில் 'உயர'. 'ஒட்டெழுத்து' என்று சொல்லலாமா?

வசந்தி

---

வசந்தி, ஐந்து சொற்கள் தொடர்ந்து ஒத்திருந்தால்தான் குற்றம். இதில் அப்படி இல்லையே. ஒப்புமை மென்பொருளும் பிடிக்காது. தேவையென்றால் 'சொல்திருட்டு' போதும்.

முரளி

---

முரளி, மென்பொருள் பிடிக்காது என்பது சரி. அது சொல்லைப் பார்க்கிறது, சட்டகத்தைப் பார்ப்பதில்லை. ஐந்து சொல் கணக்கு சிலர் வைத்துக்கொண்ட கைக்கணக்குதான்.

'திருட்டு' வேண்டவே வேண்டாம். 'பேட்ச்ரைட்டிங்' என்ற சொல்லை 1990களில் பரப்பிய எழுத்துக்கல்வி ஆய்வாளர் ரெபேக்கா மூர் ஹோவர்ட், பொருள் முழுதும் பிடிபடாத மாணவர் கற்கும் வழியில் கடக்கும் கட்டம் இது என்றே வாதிட்டார். அந்த மாணவியிடம் நூலை மூடச் சொல்லி, கடற்காற்று ஏன் வருகிறது என்று வாயால் கேளுங்கள். புரிந்திருந்தால் இப்படிச் சொல்வாள்: "பகலில் கடற்காற்று வருவதற்குக் காரணம் தரையின் சூடு. தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். தரைமேல் இருந்த காற்று எழும்பிப் போனதும் கடல்பக்கத்துக் காற்று உள்ளே வருகிறது." அதை எழுதவைத்து, பிறகு நூலோடு ஒப்பிடட்டும். சொல்லத் திணறினால் பிழை எழுத்தில் இல்லை, வாசிப்பில்.

'ஒட்டெழுத்து' கூட்டெழுத்தை நினைவூட்டுகிறது. பதவுரை, பொழிப்புரை வரிசையில் 'ஒட்டுரை' பொருந்தும்.

சண்முகம்

---

ஐயா, என் ஆய்வேட்டில் ஆங்கிலக் கட்டுரை ஒன்றின் இரண்டு பக்கங்களைத் தமிழாக்கிச் சேர்த்தேன். வினைச்சொல் கடைசிக்குப் போனதால் வாக்கிய அமைப்பே மாறிவிட்டது. நெறியாளர் ஏற்கவில்லை. இதுவும் ஒட்டுரையா?

ஃபாத்திமா

---

ஃபாத்திமா, அது மொழிபெயர்ப்பு. தொல்காப்பியமே அதை வழிநூல் வகையில் சேர்க்கிறது. மொழிபெயர்ப்பு என்று சொல்லாமல் சேர்த்ததுதான் சிக்கல். ஆனால் நல்ல இடத்தைத் தொட்டீர்கள்: வாக்கியம் மாறி, கருத்துகளின் வரிசை மட்டும் அப்படியே இருந்தால்? காரணத்துக்குப் பின் விளைவு என்பது யார் எழுதினாலும் வரும் வரிசைதான். எடுத்துக்காட்டுகளும் அதே வரிசையில் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

சண்முகம்

---

ஒட்டுரையை ஏற்கிறேன். ஒரு தயக்கம்: 'மூலத்தை ஒட்டிய உரை' என்று மாணவர்கள் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டால்? 'சட்டகப்படி' என்று வேறொன்றும் மனதில் இருக்கிறது. இந்தப் பருவத்தில் இரண்டையும் விடைத்தாளில் எழுதிப் பார்க்கிறேன்.

வசந்தி