பேச்சிருப்பா, குரல் செயல்பாடா?

வணக்கம். நீண்ட ஒலிப்பதிவில் பேச்சு உள்ள இடங்களை மட்டும் வெட்டி எடுத்து எழுத்தாக்க மாதிரிக்கு அனுப்புகிறோம். அந்த வெட்டும் வேலைக்கு, ‘வாய்ஸ் ஆக்டிவிட்டி டிடெக்‌ஷன்’ என்பதற்கு, ஒரு சொல் வேண்டும். ‘குரல் செயல்பாடு கண்டறிதல்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. ‘பேச்சிருப்பு அறிதல்’ எப்படி?
– கயல்

‘ஒலியின்மை நீக்கம்’ போதுமே. ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனால் வெட்டு. நான் அப்படித்தான் செய்கிறேன்.
– முரளி

முரளி, அமைதியான அறையில் அது சரிவரும். எங்கள் அப்பத்தா பேசிய 50 நிமிடப் பதிவில் சரிவரவில்லை. மின்விசிறி ஓயாமல் இரைகிறது, அப்பத்தாவின் குரலோ அதைவிடத் தாழ்வு. ஒலி அளவை வைத்து வெட்டியதில் விசிறியின் இரைச்சல் தங்கிவிட்டது, அப்பத்தாவின் குரல் போய்விட்டது.

வெட்டாமலே விஸ்பர் என்ற எழுத்தாக்க மாதிரிக்குக் கொடுத்தும் பார்த்தேன். அது 30 விநாடி, 30 விநாடியாகக் கேட்கும். விசிறி மட்டும் ஓடிய இடத்தில் யாருமே சொல்லாத வாக்கியத்தை எழுதி வைத்தது.
– செல்வி

அப்படியானால் பேட்டி கண்டவரையும் அப்பத்தாவையும் இது பிரித்துக் கொடுக்குமா? ‘குரல் பிரிப்பு’ என்றே சொல்லலாமே.
– தாமஸ்

இல்லை தாமஸ், யார் பேசினார் என்பது தனி வேலை. இது கேட்பது ஒன்றே: இந்தக் கணத்தில் பேச்சு இருக்கிறதா? இந்த வேலைக்கு நான் வைத்திருக்கும் சைலரோ என்ற மாதிரி, 16,000 ஹெர்ட்ஸ் பதிவை 32 மில்லிவிநாடித் துணுக்குகளாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்புத் தரும். அதனால் கயல் சொல்லும் ‘இருப்பு’ பொருந்துகிறது.

செல்வி அக்கா, சொல்லின் கடைசி எழுத்து போகிறதா என்று பாருங்கள். ‘பத்து’, ‘பாட்டு’ போன்றவற்றின் குற்றியலுகரம் மூச்சாகவே முடியும். அதைப் பேச்சில்லை என்று நினைத்து வெட்டிவிடும். இயல்பில் ஓரத்தில் விடும் இடம் 30 மில்லிவிநாடிதான். நான் கூட்டிவிடுவேன்:

```python
ts = get_speech_timestamps(wav, model,
    min_silence_duration_ms=600,
    speech_pad_ms=200)
```

அப்புறம், வெட்டிய துண்டுகளை அப்படியே அனுப்பாதீர்கள். ஒற்றைச் சொல் துண்டுக்கு முன்பின் தெரியாது, மாதிரி தடுமாறும். அடுத்தடுத்த துண்டுகளை 30 விநாடிக்குள் சேர்த்துக் கட்டுங்கள்.
– இளங்கோ

ஆமாம் தம்பி, ‘பத்து’ என்றது ‘பத்’ என்று நின்றிருந்தது. 200 வைத்ததும் வந்துவிட்டது. ஆனால் எழுத்தில் நேரம் எல்லாம் தப்பு. எல்லாத் துண்டும் 0-வில் தொடங்குகிறது.
– செல்வி

துண்டின் `start` மதிப்பைக் கூட்டவேண்டும், அக்கா. அது விநாடி அல்ல, விநாடிக்கு 16,000 என்று எடுத்த ஒலிக்கூறுகளின் எண்ணிக்கை. 11520000 என்று இருந்தால் 16000-ஆல் வகுங்கள்: 720 விநாடி, அதாவது 12-ஆம் நிமிடம். துண்டுகளைச் சேர்த்துக் கட்டும்போது இடையிலுள்ள அமைதியையும் வெட்டாமல் வையுங்கள், இல்லையென்றால் இந்தக் கணக்கு பொய்க்கும்.
– இளங்கோ

‘இருப்பு’ என்றால் எனக்குக் கடைச் சரக்குதான் நினைவுக்கு வருகிறது. ‘பேச்சுணர்தல்’?
– முரளி

அது எழுத்தாக்கத்தோடு குழம்பும், முரளி. ‘பேச்சுத் துண்டு’ என்பதில் மட்டும் யாருக்கும் மறுப்பில்லை போலிருக்கிறது. அதை இன்றே கலைச்சொல் பட்டியலில் சேர்க்கிறேன். மற்றதற்கு வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.
– கயல்